700 கிராம் மிளகாய்க்கு நான் எழுதின பதில்

கேள்வி: கடையைப் பத்தி கூகுள்ல ஒருத்தர் நடக்காததை நடந்ததா எழுதிட்டாரு. சண்டை போடாம உண்மையை மட்டும் எப்படி சொல்றது?

நான் பினாங்குல, லிட்டில் இந்தியா பக்கம் மசாலா அரைக்கிற மில் வச்சிருக்கேன், அப்பா காலத்துல இருந்து ஓடுது. தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது எனக்கும் இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. ஒரே ஒரு ஸ்டார். "5 கிலோ மிளகாய் குடுத்தேன், 4 கிலோ 300தான் திரும்பி வந்துச்சு, 700 கிராம் எடுத்துக்கிட்டாங்க, எடை கூட போடல, ரெண்டு மணி நேரம் நிக்க வச்சாங்க" அப்படின்னு தமிழ்லயே எழுதியிருந்தாங்க.

படிச்சதும் கை நடுங்கிடுச்சு, உடனே ஹேண்ட்போன்ல பத்து வரி தட்டிட்டேன், கல்லாவுல உக்கார்ற அக்காதான் வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு "முதல்ல பில் புக்கை எடுத்துப் பாருடா, அப்புறம் எழுது"ன்னாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். உங்களுக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான், பதில் எழுதுறதுக்கு முன்னாடி அன்னைக்கு கடையில எழுதி வச்சது என்ன இருக்குன்னு தேடுங்க. மனசுல இருக்கிற ஞாபகத்தை வச்சு எழுதினா அது உங்க வார்த்தைக்கு எதிரா அவங்க வார்த்தைன்னு ஆயிடும்.

கார்பன் காப்பி கிடைச்சுச்சு. வந்த எடை 4.520, காம்பு கிள்ளினது, காயவச்சதுன்னு பக்கத்துல என் பையன் குறிச்சிருந்தான், ஏன்னா காம்போட வந்தா மெஷினுக்கு வேற மாதிரி போடணும். அரைச்ச பிறகு 4.410. கூலி கிலோவுக்கு 4 வெள்ளி, நாலரை கிலோவுக்கு 18 வெள்ளி. இந்த 18 வெள்ளிதான் எனக்கு பெரிய பிடிமானம். 5 கிலோவா வந்திருந்தா 20 வெள்ளி வாங்கியிருப்போம், அவங்க குடுத்ததும் 18தான்.

அப்ப 5 கிலோங்கிறது எங்க இருந்து வந்துச்சு? சந்தையில வாங்கினப்ப 5 கிலோ இருந்திருக்கும். காம்பு எல்லாம் கிள்ளி ரெண்டு நாள் வெயில்ல போட்டா ஈரம் போயிடும், எடை இறங்கிடும், ஆனா வீட்டுல யாரும் மறுபடி எடை போட்டுப் பாக்க மாட்டாங்க, மனசுல 5 கிலோதான் நிக்கும். அவங்க வேணும்னு பொய் சொல்லல, நிஜமாவே அப்படித்தான் நம்பியிருக்காங்க. இதை நான் புரிஞ்சுக்கிட்ட பிறகுதான் கோபம் இறங்குச்சு, பதிலும் தானா வேற மாதிரி வந்துச்சு.

மீதி 110 கிராம் அரைக்கும்போது போனது, அதை மறைக்கக் கூடாது. மெஷின் சூட்டுல மிளகாய்ல மிச்சம் இருக்கிற ஈரம் ஆவியா போகும், மூடியைத் திறந்தா தெரியும், மூக்கும் கண்ணும் எரியும். நைசான தூள் கொஞ்சம் பறக்கும், உள்ள சுவர்லயும் கொஞ்சம் ஒட்டிக்கும், மரச்சுத்தியால தட்டித் தட்டி எடுத்தாலும் முழுசா வராது.

நான் போட்ட பதில் இது:

"வணக்கம். தீபாவளி வேலை நேரத்தில் ரெண்டு மணி நேரம் காக்க வைத்தது உண்மை, அதற்கு மன்னிச்சுக்குங்க. எடை பற்றி எங்கள் பில் புத்தகத்தில் இருப்பது: மிளகாய் கடைக்கு வந்தபோது எடை 4.520 கிலோ, காம்பு கிள்ளிக் காயவைத்தது. அரைத்த பிறகு 4.410 கிலோ. கூலி நாலரை கிலோவுக்கு 18 வெள்ளி. காம்பு எடுத்துக் காயவைத்தால் வாங்கியபோது இருந்த எடை குறையும். குறைந்த 110 கிராம் மெஷின் சூட்டில் போன ஈரமும், பறந்த தூளும், உள்ளே ஒட்டினதும். பில்லோட காப்பி கடையில் இருக்கிறது. தூளையும் கொண்டு வந்தால் உங்கள் முன்னாலேயே மறுபடி எடை போடுகிறோம்."

இதுல நான் யோசிச்சு விட்டது சிலது இருக்கு. "பொய்", "திருட்டுப் பட்டம்" இந்த வார்த்தைகள் எதுவும் வரல, 4.520ங்கிற நம்பரே அந்த வேலையை செஞ்சிடும். மன்னிப்பு காக்க வச்சதுக்கு மட்டும்தான். நிறைய பேர் மரியாதைக்குன்னு "நடந்த தவறுக்கு வருந்துகிறோம்"னு பொதுவா போட்டுடுவாங்க, அடுத்து படிக்கிறவங்க அதை 700 கிராம் எடுத்ததை ஒத்துக்கிட்டதாதான் எடுத்துக்குவாங்க. அவங்க பேரு, போன் நம்பர் எல்லாம் பில்லுல இருக்கு, ஆனா பில்லை போட்டோ எடுத்துப் போடல. வாடிக்கையாளர் நம்மகிட்ட நம்பிக் குடுத்தது, ஊருக்குக் காட்டுறதுக்கு இல்ல.

இன்னொண்ணு, அவங்க 4.300ன்னு சொன்னாங்க, எங்க பில்லுல 4.410. அந்த வித்தியாசம் எதுனாலன்னு எனக்கு நிரூபிக்க வழியில்ல, வீட்டுத் தராசு சரியில்லையோன்னு எழுதியிருந்தா அங்கேயே சண்டை ஆரம்பிச்சிருக்கும். அதனாலதான் மறுபடி எடை போடுறோம்னு நிறுத்திக்கிட்டேன். கடைத் தராசுல வருஷா வருஷம் முத்திரை போட்ட ஸ்டிக்கர் இருக்கு, 1972 எடை அளவைச் சட்டப்படி அது கட்டாயம், யாரு வந்து கேட்டாலும் காட்டலாம்.

ரிப்போர்ட் பண்ணியும் பாத்தேன், தூக்கல. கெட்ட வார்த்தை, சம்பந்தமில்லாத விஷயம், போலி அக்கவுண்ட் இந்த மாதிரி விதியை மீறினாத்தான் கூகுள் எடுக்கும், ரெண்டு பேருல யாரு சொல்ற கணக்கு சரின்னு அது தீர்ப்பு சொல்லாது. அதனால அதையே நம்பி பதில் எழுதாம இருந்துடாதீங்க. அழிச்சா அடுத்த தடவை ஃப்ரீயா அரைச்சுத் தர்றேன்னும் கேட்காதீங்க, அப்படி ஏதாவது குடுத்து ரிவியூவை எடுக்கச் சொல்றதும் விதிக்கு எதிரானது. எங்க சித்தப்பா பையன் அஞ்சு பேரை வச்சு அஞ்சு ஸ்டார் போட்டுடலாம்னான், வேணாம்னுட்டேன், ஒரே நாள்ல அஞ்சு வந்தா பாக்கிறவங்களுக்கே தெரிஞ்சிடும். பதில்ல ஏதாவது தப்பா போட்டுட்டா பயப்படாதீங்க, பிறகு எடிட் பண்ணலாம், நானே முதல்ல 4.250ன்னு தட்டிட்டு அப்புறம் திருத்தினேன்.

அந்த அம்மா தூளைக் கொண்டு வரல, ஸ்டாரும் மாறல. ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா "எடை கூட போடல"ங்கிற வரி மட்டும் அதுல இல்ல, அவங்களே எடுத்திருக்காங்க.

எங்க பக்கமும் ஒரு குறை இருந்துச்சு. எடை போட்டு எழுதுவோம், ஆனா பில்லு கேட்டாத்தான் குடுப்போம், கூட்டத்துல அவங்க தராசைப் பாத்தாங்களான்னே தெரியாது. இப்ப மூட்டையைத் தராசுல வச்சதும் பையன் நம்பரை சத்தமா சொல்றான், வந்த எடை, போற எடை ரெண்டையும் எழுதி ஒரு காப்பியை மிளகாய்த்தூள் பையோடயே சேத்துக் கட்டிக் குடுத்துடுறோம்.