காதருகே ரீங்காரமும் கொசுவின் தேர்வும்

"ஒரே கட்டிலில்தான் படுக்கிறோம், கொசு என் காதில் மட்டும் பாடுகிறது, மனைவியைத் தொடுவதில்லை. என் இரத்தம் இனிப்பா?"

இனிப்பு காரணமன்று, இரத்தத்தைச் சுவைக்கும் முன்பே கொசு உங்களைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவைத் தொடர்ந்து வரும் பெண் கொசு தலைப்பக்கம் சுற்றுகிறது. நொடிக்கு ஏறக்குறைய 500 முறை அடிக்கும் சிறகின் ஒலி மிக மெல்லியது என்பதால், அது கால்பக்கம் பறக்கும்போது உங்களுக்குக் கேட்பதேயில்லை. நெருங்கியபின் தோலின் வாசனைக்கே பெரும்பங்கு. தோலில் கார்பாக்சிலிக் அமிலங்கள் என்னும் வாசனைப் பொருள்கள் மிகுந்தவர்களை, டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதிகம் நாடுவதையும், அந்த ஈர்ப்பு ஆண்டுக்கணக்கில் பெரிதும் மாறாததையும் 2022-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் மனைவியும் கடிபட்டிருக்கலாம். தடிப்பு எழாதவர்கள் அதை அறிவதில்லை. மின்விசிறியைத் தலைப்பக்கம் திருப்பி வையுங்கள். காற்று மூச்சின் தடத்தைக் கலைத்துவிடும், கொசுவும் எதிர்த்துப் பறக்கத் திணறும்.