லண்டன் கேர் விசாவுக்குப் பதின்மூன்று லட்சம் கேட்கிறார்கள், கட்டலாமா?

"அக்கா, எனக்கு வயது 27. பிளஸ் டூ முடித்து, நான்கு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். திருச்சியில் ஒரு ஏஜென்ட் இங்கிலாந்தில் கேர் ஒர்க்கர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். ஸ்பான்சர்ஷிப்புக்கு 9 லட்சம், ஹெல்த் சர்சார்ஜ் இரண்டரை லட்சம், கேர் சர்டிபிகேட் பயிற்சிக்கு 80 ஆயிரம், சர்வீஸ் 70 ஆயிரம், மொத்தம் 13 லட்சம். ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. மீதிக்கு அம்மா நிலத்தை அடகு வைக்கச் சொல்கிறார். போகலாமா?"
(பெயர் வேண்டாம், தென்காசி மாவட்டம்)

தங்கையே, நிலத்தை அடகு வைக்காதீர்கள். அவர் விற்கிற அந்த விசாவே இப்போது இல்லை. வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் ஒர்க்கர்களையும் சீனியர் கேர் ஒர்க்கர்களையும் எடுப்பதை இங்கிலாந்து 2025 ஜூலை 22 அன்று நிறுத்திவிட்டது. ஏற்கெனவே அந்த நாட்டுக்குள் முறையான விசாவில் இருந்து, தங்களை ஸ்பான்சர் செய்யப்போகிற அதே முதலாளியிடம் குறைந்தது மூன்று மாதம் வேலை செய்தவர்கள் மட்டும் உள்ளேயே மாறிக்கொள்ள 2028 ஜூலை வரை வழி வைத்திருக்கிறார்கள். தென்காசியில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு அது பொருந்தாது. "விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கலாம்" என்று அடுத்ததாகச் சொல்வார் பாருங்கள், விசிட் விசாவிலிருந்து வேலை விசாவுக்கு உள்ளிருந்தபடி மாற முடியாது. வேறு ஏதாவது வேலையின் பெயரில் ஸ்பான்சர்ஷிப் போட்டுத் தருகிறேன் என்றால் அது இன்னும் மோசம், காகிதத்தில் ஒரு வேலை, நிஜத்தில் ஒரு வேலை என்று மாட்டினால் பொய் சொன்ன பழி உங்கள் மேல்தான் விழும்.

அவர் கொடுத்த கணக்கையே எடுத்துக்கொள்வோம், அதிலேயே விஷயம் இருக்கிறது. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு அங்குள்ள முதலாளி அரசுக்குக் கட்டுகிற கட்டணம் சில நூறு பவுண்டுதான், அதைத் தொழிலாளியிடம் வசூலிக்கவும் கூடாது. அதற்கு 9 லட்சம் என்றால் வேலை ஏலம் போகிறது என்று அர்த்தம். ஹெல்த் சர்சார்ஜ் என்பது அந்த நாட்டு அரசு மருத்துவ வசதிக்காக விசாவோடு வாங்குகிற கட்டணம், இந்த வகை விசாவுக்கு அது கிடையவே கிடையாது, வழி திறந்திருந்த காலத்திலும் கேர் விசாக்காரர்களுக்கு அதில் முழு விலக்கு இருந்தது, ஆக அந்த இரண்டரை லட்சம் சுத்தமான கற்பனை. கேர் சர்டிபிகேட் என்பது வேலையில் சேர்ந்த பிறகு முதலாளியே பயிற்சி கொடுத்து, நீங்கள் வேலை செய்வதை நேரில் பார்த்து மதிப்பிட்டுத் தருவது. அதை இங்கேயே 80 ஆயிரத்துக்கு விற்பதில் அர்த்தமே இல்லை.

வழி திறந்திருந்தபோது போனவர்கள் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். லட்சக்கணக்கில் கட்டிப் போன பலருக்கு அங்கே வேலையே இல்லை, அல்லது வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம்தான் கொடுத்தார்கள். 2022 ஜூலையிலிருந்து 2024 டிசம்பர் வரை கேர் துறையில் மட்டும் 470க்கும் மேற்பட்ட முதலாளிகளின் ஸ்பான்சர் உரிமத்தை அந்த அரசு ரத்து செய்தது. அவர்களோடு சேர்ந்திருந்த தொழிலாளர்கள் 39 ஆயிரத்துக்கு மேல். முதலாளியின் உரிமம் போனால், தப்பே செய்யாத தொழிலாளிக்கும் வழக்கமாக 60 நாள்தான் அவகாசம், அதற்குள் வேறு ஸ்பான்சரைப் பிடிக்க வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். கடன் மட்டும் ஊரிலேயே இருக்கும்.

சரி, வெளிநாடு போயே ஆக வேண்டும் என்றால் என்ன வழி? நான்கு வருடம் முதியோரைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டி, படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைத்த உங்களுக்கு நான் சொல்வது ஜப்பான். காரணம், அங்கே ஸ்பான்சரைத் தேடுவதற்கு முன்பே நீங்கள் தேர்வு எழுதிப் பாஸ் செய்து தகுதியைக் கையில் வைத்துக்கொள்ள முடியும். பராமரிப்பு வேலையை அங்கே கைகோ என்பார்கள், விசாவின் பெயர் தொகுதேய் கினோ. பட்டம் தேவையில்லை, 18 வயது ஆகியிருந்தால் போதும். மூன்று தேர்வு. பொது ஜப்பானிய மொழிக்கு என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக், இரண்டில் ஒன்று (ஜேஎஃப்டியில் 250க்கு 200 எடுக்க வேண்டும்). அடுத்தது பராமரிப்புத் திறன் தேர்வு, 45 கேள்வி, ஒரு மணி நேரம். அப்புறம் பராமரிப்பு வேலையில் புழங்கும் ஜப்பானிய மொழிக்கென்று 15 கேள்விகளில் ஒரு சின்னத் தேர்வு. திறன் தேர்வு உங்கள் அனுபவத்துக்குப் பெரிய பாரமாக இருக்காது. மொழிதான் ஆளை வாட்டும். வேலை பார்த்துக்கொண்டே படித்தால் ஒரு வருடம் வைத்துக்கொள்ளுங்கள். "மூன்று மாதத்தில் என்4 கியாரண்டி" என்று பலகை வைத்திருக்கிற இடத்தை நான் நம்பமாட்டேன்.

இதிலும் ஏமாற்று உண்டு. முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: தொகுதேய் கினோவா, கினோ ஜிஷ்ஷூவா? இரண்டாவதாகச் சொன்னது பயிற்சியாளர் திட்டம், அதில் வந்தவர்கள் தங்கள் விருப்பத்துக்கு முதலாளியை மாற்ற முடியாமல் சிக்கிக்கொண்ட கதைகள் ஏராளம், அதனால்தான் 2027 ஏப்ரலில் அதை மூடிவிட்டு வேறு திட்டம் கொண்டுவருகிறார்கள். தொகுதேய் கினோவில் அதே துறைக்குள் வேறு இல்லத்துக்கு மாறலாம். சம்பளம் அதே வேலை பார்க்கும் ஜப்பானியருக்குக் கொடுப்பதற்குக் குறையக்கூடாது. டெபாசிட் வாங்குவதும், பாதியில் வேலையை விட்டால் அபராதம் என்று எழுதி வாங்குவதும் சட்டப்படி கூடாது. ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் வரி, காப்பீடு, அறை வாடகை போகக் கையில் என்ன வரும் என்று எண்ணாகவே எழுதித் தரச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். இந்த விசாவில் பொதுவாக ஐந்து வருடம்தான், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மூன்று வருட வேலைக்குப் பிறகு அங்குள்ள தேசியத் தேர்வை எழுதி கைகோ ஃபுகுஷிஷி, அதாவது சான்று பெற்ற பராமரிப்பாளர், ஆகிவிட்டால் விசாவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம், குடும்பத்தையும் அழைக்கலாம். அந்தத் தேர்வு ஜப்பானிய மொழியில்தான், லேசானதல்ல.

எந்த நாடாக இருந்தாலும், இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசிடம் பதிவு வேண்டும். emigrate.gov.in தளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்களின் பட்டியல் இருக்கிறது. பெயரும் முகவரியும் இரண்டுமே பொருந்துகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வேறொருவரின் பதிவு எண்ணைக் காட்டி "அவங்க கிளைதான் நாங்க" என்பவர்கள் உண்டு. பதிவு பெற்றவரே ஆனாலும் சேவைக் கட்டணமாக 30 ஆயிரம் ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர வாங்கக்கூடாது. இந்த வரம்பைத் தாண்டத்தான் பயிற்சிக் கட்டணம் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள், ஆகவே மொழி வகுப்பை ஏஜென்ட்டோடு சேர்க்காமல் தனியாகப் படியுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஆள் எடுப்பு அறிவிப்புகள் வெளியிடும், அதையும் கவனித்து வாருங்கள்.

இப்போது அந்த ஒரு லட்சம். முதலில் பாஸ்போர்ட்டை வாங்குங்கள், பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல், "பேங்க்ல கேக்குறாங்க" என்று ஏதாவது சொல்லியாவது. பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, அதைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. அது கைக்கு வந்த பிறகு, பணம் அனுப்பிய வங்கி விவரம், வாட்ஸ்அப் பேச்சு, அந்த 13 லட்சக் கணக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, பதினைந்து நாளில் திருப்பித் தரச் சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தரவில்லை என்றால் அதே காகிதங்களோடு சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கும், மாவட்ட எஸ்பி அலுவலகத்துக்கும் புகார் கொடுங்கள். அவருக்குப் பதிவு இல்லை என்று தெரிந்தால் அதைப் புகாரின் முதல் வரியிலேயே எழுதுங்கள், பதிவில்லாமல் ஆள் எடுப்பதே தனிக் குற்றம்.