'தான்' போகுமிடம்

அன்புள்ள ஐயா,

'ஐ கேம் எஸ்டர்டே ஒன்லி' என்று அலுவலகத்தில் சொன்னேன். வாக்கியத்தின் கடைசியில் 'ஒன்லி' போடக்கூடாது என்று மேலாளர் திருத்தினார். அதை எடுத்துவிட்டால் நான் சொல்ல வந்த அழுத்தமும் போய்விடுகிறதே. 'தான்' என்பதை ஆங்கிலத்தில் எப்படித்தான் சொல்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த விதி பாதிதான் சரி. 'ஸ்டாஃப் ஒன்லி' என்ற அறிவிப்பிலும் காசோலையில் எழுதும் தொகையிலும் 'ஒன்லி' கடைசியில்தான் நிற்கிறது. அங்கெல்லாம் அதற்கு 'மட்டும்' என்று பொருள். நாமோ அதைத் 'தான்' என்ற பொருளில் ஆள்கிறோம்.

உண்மையில் நாம் அதைக் கடைசியில் வைப்பதும் இல்லை. 'தான்' அழுத்தவேண்டிய சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'எஸ்டர்டே' ஆங்கிலத்தில் இறுதியில் வருவதால் 'ஒன்லி'யும் அங்கே போய் நிற்கிறது. 'நான்தான் அவரிடம் சொன்னேன்' என்பதை நம்மவர் 'ஐ ஒன்லி டோல்ட் ஹிம்' என்பார்கள். இங்கே அது இரண்டாவது சொல்.

இதுதான் ஆபத்தான வாக்கியம். வாடிக்கையாளருக்கு விலையைச் சொன்னது யார் என்று கேட்கிறார்கள். நீங்கள் நேர்மையாக 'ஐ ஒன்லி டோல்ட் ஹிம்' என்கிறீர்கள். நம் பேச்சுக்குப் பழகாத ஆங்கிலக் காதில் அது 'சொன்னேன், அவ்வளவுதான். வேறெதுவும் செய்யவில்லை' என்று விழும். பொறுப்பேற்றவர் நழுவுகிறவராகத் தெரிவார். இந்த இடத்தில் ஆங்கிலம் சொல் எதையும் சேர்ப்பதில்லை, குரலை உயர்த்துகிறது: 'ஐ டோல்ட் ஹிம்' என்பதில் 'ஐ'யை அழுத்தினால் போதும். மின்னஞ்சலில் குரல் கேட்காது என்பதால் 'ஐ வாஸ் த ஒன் ஹூ டோல்ட் ஹிம்' என்று எழுதுங்கள்.

உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். யாருக்கு, எதற்குப் பதிலாக அதைச் சொன்னீர்கள் என்பதைப் பொறுத்தது அது. 'வந்து ஒரு வாரமாகியும் வேலையை முடிக்கவில்லையா?' என்று கேட்டிருந்தால், வந்து அதிக நேரமாகவில்லை என்பதே உங்கள் கருத்து. அதற்கு 'ஐ ஒன்லி கேம் எஸ்டர்டே' என்பதே இயல்பு. 'ஒன்லி'யை வினைக்கு முன்னால் நகர்த்தினால் முடிந்தது. 'ஒன்லி எஸ்டர்டே' என்பது தப்பில்லை, கொஞ்சம் விறைப்பு. மாறாக, 'இன்று காலைதானே வந்தீர்கள்?' என்று கேட்டிருந்தால் நாளைத் திருத்துகிறீர்கள். அப்போது 'ஒன்லி' வேண்டாம். 'நோ, ஐ கேம் எஸ்டர்டே' என்று 'எஸ்டர்டே'யை அழுத்துங்கள். 'இட் வாஸ் எஸ்டர்டே தட் ஐ கேம்' என்ற வடிவத்தை இலக்கண நூல்கள் விரும்பிக் கற்பிக்கும். பேச்சில் அது நீதிமன்றச் சாட்சியம் போல ஒலிக்கும்.

மூன்றாவது வகை, வெறும் உறுதிப்பாடு. 'அவன் என் தம்பிதான்' என்பதை 'ஹீ இஸ் மை பிரதர் ஒன்லி' என்றால், தம்பி என்பதைத் தாண்டி வேறொன்றுமில்லை என்று கேட்கும். இங்கே 'ஒன்லி'யை எடுத்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எதுவும் குறையாது.