வகையிடும் முன் மூன்று வரிகள்

அன்புள்ள ஐயா,

sin⁻¹(2x/(1+x²)) என்ற சார்பை வகையிடச் சொன்னார்கள். x = tan θ என்று பிரதியிட்டேன். உள்ளே sin 2θ வந்தது, சார்பு 2tan⁻¹x ஆனது, விடை 2/(1+x²). ஆனால் விடைக்குறிப்பில் x > 1 எனில் −2/(1+x²) என்று இருக்கிறது. எந்த வரியில் தவறினேன் என்று தெரியவில்லை. எங்கள் ஆசிரியர் எந்தச் சார்புக்கும் முதலில் சார்பகம், சமச்சீர், வீச்சகம் மூன்றையும் எழுதச் சொல்கிறார். தேர்வு நேரத்தில் அது வீண்வேலை இல்லையா?

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்

அன்புள்ள மாணவருக்கு,

உங்கள் ஆசிரியர் சொன்ன மூன்றையும் இதே கணக்கில் எழுதிப் பார்ப்போம்.

முதலில் சார்பகம். சேர்ப்புச் சார்பில் இரண்டு கேள்விகள் உண்டு. உட்சார்பு எங்கே வரையறுக்கப்படுகிறது? அது தரும் மதிப்பை வெளிச்சார்பு ஏற்குமா? இங்கே u = 2x/(1+x²). பகுதி ஒருபோதும் பூச்சியமாகாது, ஆகவே முதல் கேள்வியில் சிக்கல் இல்லை. sin⁻¹ ஏற்பது −1 முதல் 1 வரையிலான மதிப்புகளை மட்டுமே. (1−x)² ≥ 0 என்பதை விரித்தால் 2x ≤ 1+x²; (1+x)² ≥ 0 என்பதிலிருந்து −2x ≤ 1+x². எனவே u எப்போதும் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. சார்பகம் எல்லா மெய்யெண்களும்.

இதோடு நின்றுவிடாதீர்கள். சமக்குறி எங்கே வருகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்: x = 1, x = −1. அந்த இரு இடங்களில் u, sin⁻¹-இன் சார்பக விளிம்பைத் தொடுகிறது. விளிம்பில் 1/√(1−u²) வரையறுக்கப்படாததால் சங்கிலி விதியை அங்கே பயன்படுத்த முடியாது. வகையிடத் தொடங்கும் முன்பே சந்தேகப்பட வேண்டிய புள்ளிகள் கையில் வந்துவிட்டன.

அடுத்தது சமச்சீர். உட்சார்பு இரட்டைச் சார்பு என்றால், வெளிச்சார்பு எதுவானாலும் சேர்ப்பு இரட்டைச் சார்புதான். உட்சார்பு ஒற்றைச் சார்பு என்றால் வெளிச்சார்பின் குணமே சேர்ப்புக்கும் வரும். இங்கே இரண்டும் ஒற்றைச் சார்புகள், ஆகவே f(−x) = −f(x). x ≥ 0 பகுதியை மட்டும் ஆராய்ந்தால் போதும். இன்னொரு சமச்சீரும் இருக்கிறது, பலர் அதைத் தேடுவதே இல்லை: x-க்குப் பதில் 1/x போட்டால் u மாறுவதில்லை. அதாவது x > 0 எனில் f(1/x) = f(x). 0 முதல் 1 வரை ஏறிய சார்பு, 1-ஐத் தாண்டியதும் இறங்கியே ஆக வேண்டும். உங்கள் 2/(1+x²) எங்கும் மிகையெண். இந்த ஒரு வரியே அது பொருந்தாது என்று காட்டிவிடுகிறது.

வீச்சகம்: u தொடர்ச்சியானது, −1-ஐயும் 1-ஐயும் அடைகிறது. ஆகவே f-இன் வீச்சகம் [−π/2, π/2]. நீங்கள் கண்ட 2tan⁻¹x-இன் வீச்சகமோ (−π, π). வீச்சகம் வேறானால் சார்பும் வேறு. x = √3 போட்டுப் பாருங்கள்: u = √3/2, f = π/3. உங்கள் வடிவம் தருவது 2π/3.

தவறு நிகழ்ந்த வரி இதுதான்: sin⁻¹(sin 2θ) = 2θ என்பது 2θ முதன்மை மதிப்புகளுக்குள், அதாவது −π/2 முதல் π/2 வரை இருந்தால் மட்டுமே உண்மை. அதற்கு |x| ≤ 1 வேண்டும். x > 1 எனில் f = π − 2tan⁻¹x. நேரடியாகச் சங்கிலி விதியைப் பயன்படுத்துபவர்களும் இதே பள்ளத்தில் விழுகிறார்கள். அவர்கள் √((1−x²)²) என்பதை |1−x²| என்று எழுதாமல் 1−x² என்று எழுதிவிடுகிறார்கள்.

சரியான வகைக்கெழு |x| < 1 எனில் 2/(1+x²), |x| > 1 எனில் −2/(1+x²). x = 1-இல் இடப்பக்கச் சாய்வு 1, வலப்பக்கச் சாய்வு −1; அங்கே வகைக்கெழு இல்லை. பெரும மதிப்பைத் தேடி f′ = 0 என்று எழுதினால் தீர்வே கிடைக்காது, ஆனால் x = 1-இல் பெருமம் π/2 இருக்கிறது. வீச்சகத்தை எழுதியவர் அதைத் தவறவிட மாட்டார்.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீச்சகம் எப்போதும் முன்கூட்டியே கிடைத்துவிடாது. ln(x e⁻ˣ) என்பதில் சார்பகம் x > 0. அது பூச்சியத்தின் ஒரே பக்கத்தில் இருப்பதால் இரட்டையா ஒற்றையா என்ற கேள்விக்கே இடமில்லை. வீச்சகத்துக்கோ ln x − x-ஐ வகையிட்டு, x = 1-இல் பெருமம் −1 என்று கண்டால்தான் (−∞, −1] என்று எழுத முடியும். அத்தகைய கணக்கில் முதல் இரண்டை எழுதிவிட்டு, மூன்றாவதற்கு இடம் விட்டு நகருங்கள்.

உங்கள் சார்பை 0 முதல் √3 வரை தொகையிட்டுப் பாருங்கள். x = 1-இல் பிரித்துச் செய்தால் ln 2 இரண்டு பகுதிகளிலும் எதிரெதிர்க் குறியோடு வந்து நீங்கி, π/√3 கிடைக்கும்.