பர்ஸ் போச்சு, ரீல் வரவில்லை

கேள்வி: ஆம்பூரில் நானும் என் வீட்டுக்காரரும் தோல் பர்ஸ் தைத்து விற்கிறோம். இன்ஸ்டாகிராமில் சின்னதாகக் கணக்கு வைத்திருக்கும் 40 பேருக்கு ஆளுக்கொன்று இலவசமாக அனுப்பினோம். பணம் எதுவும் பேசவில்லை. 7 பேர்தான் வீடியோ போட்டார்கள். மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். திருப்பிக் கேட்கலாமா? அடுத்த தடவை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கேட்காதீர்கள் அம்மா. அவர்கள் உங்களிடம் பர்ஸ் கேட்கவில்லை, நீங்களாக அனுப்பினீர்கள். எந்தப் பேச்சும் இல்லாமல் போன பொருள் பரிசுதான். வேண்டுமானால் "பர்ஸ் வந்து சேர்ந்ததா, தையல் எப்படி இருக்கிறது?" என்று ஒரே ஒரு முறை மெசேஜ் போடுங்கள். வீடியோ பேச்சே எடுக்க வேண்டாம். பிடித்தவர்கள் அதிலேயே போடுவார்கள்.

எழுதி வாங்குவதைப் பற்றி. "வீடியோ போட்டே ஆகணும்" என்று சொல்லிவிட்டால் அது பரிசு இல்லை, பொருளே சம்பளமாகிவிடுகிறது. இந்தத் தொழிலில் அதைப் பார்ட்டர் என்கிறார்கள். அதுவும் தப்பில்லை. ஆனால் அப்போது எத்தனை வீடியோ, எந்தத் தேதிக்குள் என்று அனுப்புவதற்கு முன்பே பேசி, அவர்களும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு அரை நாள் வேலை. அதற்கு ஒரு பர்ஸ் போதுமா என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அனுப்பும்போது பரிசு என்பதும், அனுப்பிய பிறகு வீடியோ எங்கே என்பதும்தான் மனக்கசப்பில் முடிகிறது.

உங்கள் திட்டத்தில் நான் பார்க்கும் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. 40 பேரிடமும் முதலில் கேட்டிருக்க வேண்டும். தோல் பொருளைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். பர்ஸே வைத்துக்கொள்ளாமல் போனிலேயே பணம் கட்டும் கல்லூரிப் பிள்ளைகள் காட்பாடிப் பக்கம் எத்தனை பேர்! பழுப்பு பிடிக்காதவருக்குப் பழுப்பு போயிருக்கும். இப்படி ஒரு மெசேஜ் போதும்:

"வணக்கம். ஆம்பூரில் நாங்களே கையால் தைக்கும் தோல் பர்ஸ் ஒன்றை உங்களுக்குப் பரிசாக அனுப்ப ஆசை. தோல் பொருள் பயன்படுத்துவீர்களா? கறுப்பா, பழுப்பா? வீடியோ போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போட்டால் உங்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள், இலவசமாக வந்தது என்பதையும் சொல்லிவிடுங்கள். விருப்பம் இருந்தால் மட்டும் முகவரி தாருங்கள்."

பதில் தராதவரை விட்டுவிடுங்கள். தோல், ஜிப், கூலி எல்லாம் 280 ரூபாய், பெட்டியும் கூரியரும் 90 என்று வைத்துக்கொள்வோம். 40 பர்ஸுக்கு 14,800 ரூபாய். வந்த 7 வீடியோவுக்குப் பிரித்தால் ஒன்று ஏறக்குறைய 2,100. கேட்டுவிட்டு, சரி என்ற 20 பேருக்கு மட்டும் அனுப்பியிருந்தால் செலவு 7,400. அதே 7 வீடியோ வந்தாலும் ஒன்று 1,050 சுமாருக்கு முடிந்திருக்கும். ஒருவர்கூடப் போடாவிட்டாலும் இந்த 7,400 போனால் தாங்குமா? தாங்காது என்றால் 10 பேருக்கு அனுப்புங்கள்.

இலவசமாக வந்தது என்று சொல்லச் சொல்வது வெறும் மரியாதைக்காக இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் வாங்காமல் பொருள் மட்டும் வாங்கியிருந்தாலும் அதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும். ஹேஷ்டேக் குவியலுக்குள் ஒளித்து வைத்தால் கணக்கில் வராது. வீடியோ தமிழில் இருந்தால் அந்த வரியும் தமிழில் இருக்கட்டும். "இதைச் சொன்னால் விளம்பரம் மாதிரி ஆகிடுமே, வேண்டாம்" என்று நீங்கள் தடுக்கவே கூடாது.

குறை சொல்லிப் போட்டால்? ஜிப் சிக்குகிறது என்று ஒருவர் சொன்னால் அழிக்கச் சொல்லாதீர்கள். கீழே நன்றி சொல்லி, வேறு பர்ஸ் அனுப்புகிறேன் என்று எழுதுங்கள். அந்த லாட்டில் மீதி இருக்கும் பர்ஸ்களையும் எடுத்து ஜிப்பை இழுத்துப் பாருங்கள்.

அப்புறம், வந்த 7 வீடியோக்களை உங்கள் பக்கத்திலோ காசு கட்டி ஓட்டும் விளம்பரத்திலோ போட நினைத்தால் தனியாக அனுமதி கேளுங்கள். பர்ஸ் கொடுத்ததால் வீடியோ உங்களுடையதாகிவிடாது. விளம்பரத்துக்கு என்றால் சிலர் தொகை கேட்பார்கள், அது நியாயம்தான். கட்டுப்படியானால் கொடுங்கள், இல்லையென்றால் "இப்போது முடியாதுங்க" என்று சொல்லிவிடுங்கள். "உங்களுக்குத்தான் பர்ஸ் கொடுத்தோமே" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.