ஷரத்து எண்ணை இரண்டு தடவை சொல்லுங்கள்

கேள்வி: கையெழுத்துப் போடும் கூட்டங்களில் ஆங்கில ஒப்பந்தத்தைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்வது என் வேலை. நடுவில் வில்லங்கமான ஷரத்து வந்தால் என்னை அழைத்துப் போனவருக்கு உணர்த்த வேண்டும். நிறுத்தி விளக்கினால் எதிர்த்தரப்பு கடிகாரத்தைப் பார்க்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: விளக்கவே விளக்காதீர்கள், அது வக்கீலின் வேலை. நீங்கள் செய்ய வேண்டியது அந்த இடத்தை உங்களை அழைத்துப் போனவர் தவறவிடாமல் பார்த்துக்கொள்வதுதான், அதற்கான ஏற்பாட்டைக் கூட்டத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். "நான் ஷரத்து எண்ணை இரண்டு தடவை சொன்னால் அதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அப்போது எதுவும் கேட்க வேண்டாம்" என்று சொல்லி வைத்தால் போதும். வாசிப்பு ஓடிக்கொண்டே இருக்கும், கையெழுத்துக்கு முன் அவரே "இந்த மூன்றையும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம்" என்பார். ஆனால் இரு தரப்புக்கும் பொதுவாக வந்த மொழிபெயர்ப்பாளர் என்றால் இந்தச் சைகையெல்லாம் கூடாது.

ஒப்பந்தத்தை இருபது நிமிடம் முன்னால் கேட்டு வாங்குங்கள். முழுக்கப் படிக்க நேரம் இருக்காது, அதனால் கெடு, தானாகப் புதுப்பித்தல், உச்சவரம்பு இல்லாத இழப்பீடு, 'ஒரு தரப்பின் விருப்பப்படி' என்கிற மாதிரி வாசகங்கள், இவற்றை மட்டும் தேடிப் பென்சிலால் புள்ளி வையுங்கள். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில்தான் இவை வரும்.

11.3 என்று ஒரு ஷரத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஒரே மூச்சில் தமிழாக்கினால் "காலம் முடிவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன் ஏதேனும் ஒரு தரப்பு எழுத்துமூலம் அறிவிக்காவிட்டால் இந்த ஒப்பந்தம் மேலும் 3 ஆண்டுகளுக்குத் தானாகவே நீடிக்கும்" என்று வரும். தவறில்லை, ஆனால் வினை கடைசியில் வந்து சேர்வதற்குள் கேட்பவருக்கு 90 நாள் மறந்துவிடும். இப்படி உடையுங்கள்: "பதினொன்று புள்ளி மூன்று. பதினொன்று புள்ளி மூன்று. ஒப்பந்தம் தானாகவே மேலும் 3 ஆண்டு நீடிக்கும். இரண்டில் ஒரு தரப்பு வேண்டாம் என்று நினைத்தால், முடிவதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும்." எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை, கூடுதலாக ஆன நேரம் இரண்டு மூன்று விநாடிதான். இதற்கு, வாயைத் திறக்கும் முன் கண் முற்றுப்புள்ளி வரை போய் வந்திருக்க வேண்டும்.

குரலை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு தடவை இழப்பீட்டு ஷரத்தில் நான் என்னையறியாமல் இழுத்துப் பேச, "நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, வக்கீலா?" என்று எதிர்த்தரப்பு கேட்டது, அப்புறம் நான் சரியாகச் சொன்னதையும் அவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்டார்கள்.

முரண்பாடு வந்தால் ஆங்கில வாசகமே செல்லும் என்ற ஷரத்து இருந்தால் அதன் எண்ணையும் கட்டாயம் இரண்டு தடவை சொல்லுங்கள். நீங்கள் எவ்வளவு அழகாகச் சொல்லியிருந்தாலும் அவர் கட்டுப்படப்போவது அந்த ஆங்கிலத் தாளுக்குத்தான். தாளில் எண்கள் நிறையச் சேர்ந்துவிட்டால், இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டுமா என்று அவர் தன் வக்கீலைக் கேட்டுக்கொள்ளட்டும்.