"கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று எழுதியும் சண்டை வந்தது ஏன்?

கேள்வி: ஒன்பது வருடமாக வீட்டில் ஆரி வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் முதல் முறையாக ஆன்லைனில் ஒரு பேட்ச் நடத்தினேன், 22 பேர் சேர்ந்தார்கள். விளம்பரத்தில் "அடிப்படை முதல் அட்வான்ஸ்டு வரை, 30 நாளில் மணப்பெண் பிளவுஸ் போடலாம், கட்டணம் திரும்பத் தரப்படாது" என்று போட்டிருந்தேன். அப்படியும் மூன்று பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். அடுத்த பேட்சுக்கு எப்படி எழுதினால் இந்தப் பிரச்சினை வராது?

பதில்: மூன்று பேரும் பணத்தைக் கேட்பதற்குக் கடைசி வரி காரணமில்லை, நடு வரிதான் காரணம். "30 நாளில் மணப்பெண் பிளவுஸ்" என்று படித்துவிட்டுப் பணம் கட்டியவர், முப்பதாவது நாள் தன் ஃப்ரேமைப் பார்க்கிறார். அதில் கோணலாக நாலு வரி செயின் ஸ்டிச் இருக்கிறது. சொன்னது கிடைக்கவில்லை என்று அவர் நினைப்பதில் தப்பில்லை. அதனால் ரீஃபண்ட் வரியைக் கடைசியில் எழுதுங்கள். முதலில் என்ன கற்றுத் தருகிறீர்கள் என்பதைச் சரியாக எழுத வேண்டும்.

அதை, மாணவி தன் ஃப்ரேமைப் பார்த்தே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதுங்கள். "அட்வான்ஸ்டு" என்ற சொல்லுக்கு உங்கள் மனதில் ஒரு அளவு, அவர் மனதில் ஒரு அளவு. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: "ஆறு வார முடிவில், நாங்கள் தரும் டிசைனை வைத்து, ஒரு பிளவுஸ் கைக்கு 3 இஞ்ச் உயர பார்டரை செயின் ஸ்டிச், லோடு ஸ்டிச், சுகர் பீட்ஸ், ஜர்தோசி ஆகிய நான்கையும் கொண்டு நீங்களே முடிப்பீர்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் நூலை இழுத்தால் தையல் பிரியாது." இந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். செயின் ஸ்டிச்சில் முடிச்சு சரியாக விழாவிட்டால், ஒரு நுனியை இழுத்தாலே வரிசை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். கற்றுக்கொண்டாரா இல்லையா என்பதை விரலால் இழுத்தே பார்த்துவிடலாம். இருவருக்கும் ஒரே அளவுகோல்.

அதோடு இரண்டு வரி சேருங்கள். ஒன்று, மாணவி பக்கம் செய்ய வேண்டியது: "வகுப்பு தவிர வாரத்தில் ஐந்து நாள், தினம் ஒரு மணி நேரம் பயிற்சி செய்ய வேண்டும்." இன்னொன்று, இதில் இல்லாதது: "பிளவுஸ் வெட்டுவது, தைப்பது, சொந்தமாக டிசைன் வரைவது, ஆர்டருக்கு விலை போடுவது இந்த வகுப்பில் கிடையாது." இல்லாததை எழுதினால் ஆள் குறைவார்கள் என்று பயம் வரும். கொஞ்சம் குறையலாம். குறைகிறவர்கள்தான் நாலாவது வாரம் "கட்டிங் எப்போ மேடம்?" என்று கேட்கப் போகிறவர்கள்.

அடுத்தது தேதி. "வாரம் இரண்டு வகுப்பு, ஆறு வாரம்" என்று எழுதினால் போதாது. நான் முதலில் நடத்திய பேட்சில் அப்படித்தான் எழுதியிருந்தேன். நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து மூன்று வகுப்பு தள்ளிப்போனது. வகுப்பு தீபாவளி நெருக்கத்தில் போய் நின்றது. துணிக்கடை வேலைக்குப் போகும் மாணவிகள் நாலு பேரால் வரவே முடியவில்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு என் அறிவிப்பில் ஒரு பதிலும் இல்லை.

உங்கள் அடுத்த பேட்சை 2026 ஜூன் 2, செவ்வாய்க்கிழமை தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். செவ்வாய், வியாழன் என்று பன்னிரண்டு வகுப்புக்கும் தேதி போட்டால் கடைசி வகுப்பு ஜூலை 9 அன்று வரும். நழுவிய வகுப்புகளுக்கு ஜூலை 14, 16 இரண்டையும் மாற்று நாளாக இப்போதே அறிவித்துவிடுங்கள். ஆடிக்கு முன்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வரத் தொடங்கும்போது மாணவியின் கையும் உங்கள் கையும் காலியாக இருக்கும். நேரத்தை "இந்திய நேரம் மதியம் 2.30 முதல் 4.00" என்று எழுதுங்கள். கொழும்பிலும் அதே நேரம்தான். சிங்கப்பூரில் மாலை 5, துபாயில் மதியம் 1 மணி. வெளிநாட்டுத் தமிழர்கள் சேர்வார்கள் என்றால் அந்தக் கணக்கையும் நீங்களே போட்டுக் கொடுத்துவிடுங்கள். பதிவான வீடியோவுக்கு "லைஃப்டைம் ஆக்சஸ்" என்று எழுத வேண்டாம். நீங்கள் செயலியையோ கணக்கையோ மாற்றிய அன்றே அது பொய்யாகிவிடும். "2027 ஜனவரி 9 வரை பார்க்கலாம்" என்று ஒரு தேதி போதும்.

கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் பொருட்களின் விலையைப் பயிற்சிக் கட்டணத்தோடு கலக்காதீர்கள். பயிற்சிக்கு 3,600 ரூபாய், ஊசி, நூல், மணி அடங்கிய கிட்டுக்கு கூரியரோடு 650 ரூபாய், மொத்தம் 4,250 ரூபாய் என்று மூன்றையும் ஒரே இடத்தில் எழுதுங்கள். ஸ்டாண்டும் ஃப்ரேமும் மாணவி வாங்க வேண்டியது என்றால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அதற்குள் இருந்து, பதிவும் இல்லையென்றால் "ஜிஎஸ்டி தனி" என்ற வரியைத் தூக்கிவிடுங்கள். "10,000 ரூபாய் கோர்ஸ், இன்று மட்டும் 3,600" என்பதும் வேண்டாம். 10,000 ரூபாய்க்கு நீங்கள் ஒருநாளும் விற்றதில்லை.

இப்போது ரீஃபண்டுக்கு வருவோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் குறித்த காலத்துக்குள் திருப்பித் தர மறுப்பது முறையற்ற வணிகம். ரசீதில் காலம் எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள். அதாவது, சொன்ன வகுப்பை நீங்கள் நடத்தவில்லை என்றால் "திரும்பத் தரப்படாது" என்ற வரி உங்களைக் காப்பாற்றாது. 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. அந்த வரியை எடுத்துவிட்டு, எந்தத் தேதிக்குள் கேட்டால் எவ்வளவு கிடைக்கும் என்று எழுதுங்கள்.

தேதியை எங்கே வைப்பது என்பதை உங்கள் தொழில்தான் சொல்ல வேண்டும். ஆரியில் முதல் வகுப்பு துணியை ஃப்ரேமில் மத்தளத் தோல் போல இழுத்துக் கட்டுவதிலும் ஊசி பிடிப்பதிலும் போய்விடும். இரண்டாவது வகுப்பில்தான் நூல் அடியில் இருந்து மேலே வருகிறது. கண்ணுக்கும் கைக்கும் இது ஒத்துவருமா என்பது அன்றுதான் மாணவிக்குத் தெரியும். ஆகவே முழுப் பணம் திரும்பும் கெடுவை இரண்டாவது வகுப்புக்கு மறுநாள் வரை கொடுங்கள். உங்கள் பன்னிரண்டு வகுப்புக்கு ஒரு வகுப்பு 300 ரூபாய் வீதம் கணக்கு வருகிறது. வாசகம் இப்படி இருக்கலாம்:

"ஜூன் 5 வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குள் வாட்ஸ்அப்பில் தெரிவித்தால், காரணம் கேட்காமல் பயிற்சிக் கட்டணம் 3,600 ரூபாய் முழுவதும் திருப்பித் தரப்படும். அதன் பிறகு ஜூன் 18 இரவு 9 மணிக்குள் தெரிவித்தால், அன்றுவரை நடந்த வகுப்புகள் போக, மீதி வகுப்புகளுக்கான கட்டணத்தில் பாதி திருப்பித் தரப்படும். அதற்குப் பிறகு பணம் கிடையாது. ஒருமுறை மட்டும் அடுத்த பேட்சுக்கு மாறிக்கொள்ளலாம். நாங்கள் நடத்தத் தவறி, மாற்று நாளிலும் நடத்தாத ஒவ்வொரு வகுப்புக்கும் 300 ரூபாய் முழுதாகத் திரும்பும். பிரித்த கிட்டுக்குப் பணம் இல்லை. உடைந்தோ குறைந்தோ வந்திருந்தால் 3 நாளில் படம் அனுப்பினால் மாற்றித் தருவோம். பணம் கட்டிய அதே கணக்குக்கு 7 வேலை நாளில் அனுப்புவோம்."

ஒரு மாணவி ஜூன் 12 அன்று விலகுகிறார் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதுவரை நாலு வகுப்பு நடந்திருக்கிறது. மீதி எட்டு வகுப்புக்கு 2,400 ரூபாய், அதில் பாதி 1,200. அவர் இரண்டு வகுப்புக்குத்தான் வந்தார் என்றாலும் அதே 1,200தான், ஏனென்றால் வாசகத்தில் "நடந்த வகுப்பு" என்று இருக்கிறது, "வந்த வகுப்பு" என்று இல்லை. பெரும்பாலான வாய்த்தகராறு இந்த ஒரு சொல்லில்தான் தொடங்கும். மற்ற பாதியை நீங்கள் வைத்துக்கொள்வதற்கும் நியாயம் இருக்கிறது. பேட்ச் நடுவில் அந்த இடத்துக்கு வேறு ஆளைச் சேர்க்க முடியாது. கேட்டால் அதையே சொல்லுங்கள்.

நடத்தாத வகுப்பு என்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். உங்கள் வீட்டில் கரண்ட் போய் 20 நிமிடத்துக்கு மேல் வகுப்பு நின்றால் அது நடக்காத வகுப்பு என்று எழுதுங்கள். மாணவி வீட்டில் நெட் போனால் பதிவைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பேமென்ட் கேட்வே வழியாகப் பணம் வாங்கினால், அவர்கள் பிடிக்கும் கமிஷன் ரீஃபண்டின்போது பொதுவாகத் திரும்பி வராது. 2 சதவீதமும் அதற்கு மேல் ஜிஎஸ்டியும் என்றால் 3,600க்குச் சுமார் 85 ரூபாய். அதை மாணவியிடம் கழிக்காமல் உங்கள் செலவாக வைத்துக்கொண்டு கட்டணத்தை நிர்ணயியுங்கள். "முழுவதும்" என்று எழுதிவிட்டு 3,515 அனுப்பினால் மறுபடி சண்டை.

இந்த வாசகம் போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருந்தால் பயனில்லை. பணம் கட்டும் லிங்க்கையோ க்யூஆரையோ அனுப்புவதற்கு முன்னால் இதைத் தனி மெசேஜாக அனுப்பி, "படித்தேன், சம்மதம்" என்று பதில் வந்த பிறகே லிங்க்கைக் கொடுங்கள். ரசீதிலும் அதே வாசகம் மாறாமல் இருக்கட்டும். போஸ்டரில் ஒன்று, ரசீதில் ஒன்று என்றால் மாணவிக்குச் சாதகமானதைத்தான் அவர் பிடித்துக்கொள்வார்.

இப்போது கேட்கிற மூன்று பேர் விஷயம். அவர்களுக்கு நீங்கள் தந்த வாக்கு பழைய விளம்பரத்தில் இருப்பது, அதனால் புதிய விதியை அவர்கள் மேல் போட முடியாது. மூவரிடமும் ஃப்ரேமின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வகுப்புக்கு ஒழுங்காக வந்து, பயிற்சியும் செய்து, மணப்பெண் பிளவுஸ் அளவுக்கு வரவில்லை என்கிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த வரி உங்களுடையது. துணியில் ஊசியே படாதவரோடு பேசிப் பார்க்கலாம். அவருக்கு ஜூன் பேட்சில் கட்டணமில்லாமல் ஒரு இடம் கொடுங்கள், அதையும் புதிய வாசகத்தை அனுப்பி, சம்மதம் வாங்கிய பிறகு. அதற்கும் ஒத்துக்கொள்ளாமல் பணம்தான் வேண்டும் என்றால், அந்த விளம்பரத்தை வைத்துக்கொண்டு வாதாடாமல் கொடுத்துவிடுவது நல்லது.